செலவு குறைந்தது, பணம் எங்கே போனது?

மார்ச் மாதக் கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் சிறு பட்டறை நடத்துகிற பலர் தங்கள் கணக்கரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஒவ்வொரு வேலையிலும் லாபம் வெச்சுத்தானே கொட்டேஷன் குடுத்தோம்? செலவும் போட்ட திட்டத்தைத் தாண்டலையே. அப்புறம் கையில ஏங்க ஒண்ணும் நிக்கல?”

நியாயமான கேள்விதான். கணக்கில் யாரும் கை வைக்கவில்லை, பில்லும் தப்பவில்லை. அப்படியும் சில லட்சங்கள் காணாமல் போயிருக்கும். பெரும்பாலும் அவை போன வழி ஒன்றுதான்: எந்த வேலையின் மீதும் ஏறாமல் நின்றுபோன மேற்செலவு. ‘குறை ஈர்ப்பு’ என்று பாடப்புத்தகம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. பட்டறைக்காரர்கள் ‘ஓவர்ஹெட் ஏறல’ என்பார்கள். ஒரு சின்னப் பட்டறையை வைத்து, அது எப்படி உண்டாகிறது, அதை என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கணக்குப் போகும் வழி எல்லாப் பட்டறைக்கும் ஒன்றே.

நான்கு சிஎன்சி லேத் உள்ள பட்டறை. பம்ப்செட்டுக்கான ஷாஃப்ட், புஷ் போன்றவற்றைக் கடைந்து கொடுக்கிறது. ஒரு ஷாஃப்டுக்கு வேண்டிய இரும்பு ராடு இவ்வளவு, ஆபரேட்டர் கூலி இவ்வளவு என்று சொல்லிவிடலாம்; அவை அந்த ஷாஃப்டோடு ஒட்டியவை. ஆனால் ஷெட் வாடகை எந்த ஷாஃப்டுக்கு உரியது? சூப்பர்வைசர் சம்பளம், மெஷினின் தேய்மானம், இன்சூரன்ஸ்? எந்த ஒரு ஷாஃப்டையும் கையில் எடுத்து ‘இதனால்தான் இந்த வாடகை’ என்று சொல்ல முடியாது. இப்படிப் பொதுவாக ஆகிற உற்பத்திச் செலவுகள்தான் மேற்செலவு. அதையும் வாடிக்கையாளர் தரும் விலையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆகவே ஏதோ ஓர் அளவுகோலை வைத்து அதைப் பொருள்களின் மீது ஏற்ற வேண்டும்.

மெஷின்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது என்றால் மெஷின் ஓடும் நேரமே பொருத்தமான அளவுகோல். கையால் செய்யும் வேலை அதிகமான இடத்தில் ஆள் மணியை வைப்பார்கள். கூலியில் இத்தனை சதவீதம் என்று வைப்பவர்களும் உண்டு. சிஎன்சி பட்டறைக்கு அது ஒத்துவராது. ஒரே ஆபரேட்டர் இரண்டு மெஷினைப் பார்த்துக்கொண்டால் கூலி பாதியாகிவிடும், மெஷின் தின்னும் செலவு பாதியாகாது.

இனி திட்டம். நான்கு மெஷின், வருடத்துக்கு 300 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 9,600 மணி வருகிறது. இது தாளில் மட்டும் இருக்கிற எண். வேலை மாற்றும்போது செட்டிங்குக்கு ஆகும் நேரம், பராமரிப்புக்கு நிறுத்தும் நேரம், மின்சாரம் போகும் நேரம் என்று 1,600 மணியைக் கழித்தால் 8,000 மணி நிற்கும். சாதாரணமான வருடத்தில் இந்தப் பட்டறை ஓட்டக்கூடியது இவ்வளவு. இதைத்தான் இயல்பான திறன் என்கிறோம்.

செலவுப் பக்கம் வருவோம். ஷெட் வாடகை மாதம் 30,000, வருடத்துக்கு 3,60,000 ரூபாய். மெஷின் ஒன்று 20 லட்சம், பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் நான்குக்கும் வருடத் தேய்மானம் 8,00,000. சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர் சம்பளம் 6,00,000. இன்சூரன்ஸும் வழக்கமான பராமரிப்பும் 1,60,000. மொத்தம் 19,20,000 ரூபாய். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது ஆகியே தீரும். இதன்மேல் மின்சாரம், கூலண்ட், இன்செர்ட் என்று ஓடினால் மட்டும் ஆகிற செலவு மணிக்கு 60 ரூபாய். 8,000 மணிக்கு 4,80,000. இரண்டையும் கூட்டினால் 24,00,000. இதை 8,000-ஆல் வகுத்தால் மணிக்கு 300 ரூபாய். அதில் 240 நிலையான செலவு, 60 ஓட்டச் செலவு. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

500 ஷாஃப்டுக்கு ஆர்டர் வருகிறது. ஒன்றுக்கு 12 நிமிடம். 500-க்கு 100 மெஷின் மணி. ராடு ஷாஃப்டுக்கு 220 ரூபாய், ஆபரேட்டர் கூலி 20. மேற்செலவு மணிக்கு 300 வீதம் ஷாஃப்டுக்கு 60. ஆக அடக்கம் 300 ரூபாய். 15 சதவீதம் லாபம் வைத்து 345 என்று கொட்டேஷன் போகிறது. வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 300 ரூபாய் மணி ரேட் ஏப்ரலிலேயே முடிவானது. உண்மையான வாடகையும் மின்கட்டணமும் ஓடிய மணியும் அடுத்த மார்ச்சில்தான் முழுசாகத் தெரியும். அதுவரை காத்திருந்து விலை சொல்ல எந்த வாடிக்கையாளரும் விடமாட்டார். ஆகவே மதிப்பிட்ட செலவை மதிப்பிட்ட மணியால் வகுத்துத்தான் ரேட் போட முடியும். இரண்டு மதிப்பீடுகளில் எது பிசகினாலும் வருடக் கடைசியில் ஒரு வித்தியாசம் நிற்கும்.

நம் பட்டறையில் இரண்டும் பிசகின. ஜூன் மாதம் ஷெட் உரிமையாளர் வாடகையை 6,500 ரூபாய் உயர்த்தினார்; பத்து மாதத்துக்கு 65,000. ஒரு மெஷினின் ஸ்பிண்டில் பேரிங் போய் எதிர்பாராத ரிப்பேருக்கு 15,000. ஆக நிலையான செலவு 20,00,000 ஆனது. மெஷின்கள் ஓடியதோ 6,500 மணிதான். ஓட்டச் செலவு மணிக்கு அதே 60 வீதம் 3,90,000. மொத்தச் செலவு 23,90,000.

திட்டம் போட்டது 24,00,000. பட்டறைக்காரர் இதைப் பார்த்துவிட்டு 10,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று நினைப்பார். ஆனால் அந்த வருடம் செய்த வேலைகளின் மீது ஏறிய மேற்செலவு எவ்வளவு? 6,500 மணி, மணிக்கு 300: 19,50,000. செலவானது 23,90,000. 4,40,000 ரூபாய் எந்த ஷாஃப்டின் அடக்கத்திலும் சேரவில்லை. வேலைவாரியாக லாபத்தைக் கூட்டிப் பார்த்தால் 5 லட்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டல் எதிலும் இந்த 4,40,000 இல்லை.

செலவுத் திட்டத்தையும் உண்மைச் செலவையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தத் தொகை கண்ணிலேயே படாது. ஓட்டம் குறைந்ததால் மின்சாரமும் இன்செர்ட்டும் 90,000 ரூபாய் குறைந்து, கூடுதல் வாடகையையும் ரிப்பேரையும் மறைத்துவிட்டன. ஒப்பிட வேண்டியது ஏற்றிய தொகையையும் ஆன செலவையும்தான்.

இந்த 4,40,000 ஒரே தொகையாக இருக்கும்வரை அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடாத மணி 1,500. ஒவ்வொரு மணியும் 240 ரூபாய் நிலையான செலவைச் சுமந்திருக்க வேண்டியது, சுமக்கவில்லை: 3,60,000. மணிக்கு 60 என்ற ஓட்டச் செலவு இதில் வராது, மெஷின் ஓடாததால் அந்தப் பணம் செலவாகவே இல்லை. மீதி 80,000 திட்டத்துக்கு மேல் ஆன செலவு: வாடகை 65,000, ரிப்பேர் 15,000. இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகிறது. சும்மா நின்ற ஆபரேட்டர்களின் சம்பளம் தனிக் கணக்கு. அதை இங்கே கலக்கவில்லை.

இப்போது கேள்வி, இந்தத் தொகையை யார் தலையில் வைப்பது? நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற விவாதம் இது. அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் என்ற பொறியாளர் 1901-இல் அமெரிக்காவின் ‘இன்ஜினியரிங் மேகசின்’ இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொரு மெஷினுக்கும் மணி ரேட் போட வேண்டும், மெஷின் சும்மா நின்றதால் ஏறாமல் போனதை ஒரு துணை ரேட்டாகப் போட்டு வேலைகளின் மீதே ஏற்றிவிடலாம் என்பது அவர் சொன்ன வழி. வேலை அட்டவணைக் கோட்டுப்படத்தால் இன்று பெயர் தெரிகிற ஹென்றி கான்ட் 1915-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இதை மறுத்துப் பேசினார். சும்மா நின்ற மெஷினின் செலவு, ஓடிய மெஷினில் செய்த பொருளுக்கு உரியது அல்ல என்பது அவர் வாதம். என் பார்வையில் கான்ட் சொன்னதே சரி. ஒரு ஷாஃப்டைக் கடைய 12 நிமிடம் ஆகிறது. பக்கத்து மெஷின் நின்றதால் அந்த 12 நிமிடத்தின் செலவு கூடிவிடவில்லை.

இன்றைய கணக்கியல் விதியும் அந்தப் பக்கமே நிற்கிறது. சரக்கிருப்பை மதிப்பிடுவதற்கான இந்தியக் கணக்கியல் தரம் 2, நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்பான திறனை வைத்துத்தான் பொருளில் ஏற்ற வேண்டும் என்கிறது. உற்பத்தி குறைந்துவிட்டது என்பதற்காக ஒரு பொருளின் மீது ஏறும் தொகையைக் கூட்டக் கூடாது. ஏறாமல் நின்றதை அந்த வருடத்துச் செலவாகவே லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் நம் தொகையைப் பிரிப்போம். ஓடாத மணிக்கான 3,60,000 நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஸ்பிண்டில் ரிப்பேர் வழக்கமானது அல்ல, அந்த 15,000-மும் அங்கேதான். வாடகை உயர்வு வேறு மாதிரி. அது உண்மையிலேயே கூடிய உற்பத்திச் செலவு; ஏப்ரலில் தெரிந்திருந்தால் ரேட்டிலேயே சேர்ந்திருக்கும். ஆகவே இதற்குத் துணை ரேட் போடுவது நியாயம். 65,000-ஐ ஓடிய 6,500 மணியால் வகுத்தால் மணிக்கு 10 ரூபாய், ஷாஃப்டுக்கு 2 ரூபாய். அடக்கம் 300 அல்ல, 302. அந்த வருடம் ஓடிய மணியில் 6,000 மணியின் வேலை விற்றுவிட்டது, 500 மணியின் வேலை முடிந்தும் முடியாமலும் பட்டறையில் கிடக்கிறது என்றால், 60,000 விற்றதன் அடக்கத்திலும் 5,000 சரக்கிருப்பிலும் சேரும்.

முடிவில் என்ன ஆகிறது? வேலைவாரியாகத் தெரிந்த 5,00,000 லாபத்திலிருந்து 60,000-மும் 3,75,000-மும் போக, 65,000 நிற்கிறது. பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு செய்கிற தவறுகள்தான் பட்டறையை மூடவைக்கின்றன. முதல் தவறு மிக இயல்பாக வரும்: ‘போன வருடம் 6,500 மணிதானே ஓடியது, அதையே வைத்து ரேட் போடுவோம்.’ புது வாடகை வருடம் முழுக்கச் சேர்ந்து நிலையான செலவு ஏறக்குறைய 20 லட்சம். ஓட்டச் செலவு 3,90,000. 6,500-ஆல் வகுத்தால் மணிக்கு 367 ரூபாய் சொச்சம். ஷாஃப்டில் ஏறும் மேற்செலவு 60-லிருந்து 74-ஐ நெருங்குகிறது. அதே 15 சதவீத லாபத்தோடு விலை 345-லிருந்து ஏறக்குறைய 361. நம் பட்டறை சும்மா நின்றதற்குத் தான் ஏன் 16 ரூபாய் கூடத் தரவேண்டும் என்று வாடிக்கையாளர் நினைப்பார், ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போகும். ஓட்டம் 5,000 மணியாக இறங்கினால் ரேட் 460 ஆகும். விலை இன்னும் ஏறும், ஆர்டர் இன்னும் குறையும். வேன் வாடகையைப் பத்துப் பேர் பங்கு போட்டுப் பயணம் கிளம்ப இருக்கையில் மூன்று பேர் கழன்றுகொண்டால், மீதி ஏழு பேரின் பங்கு கூடுகிறது. அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் கழன்றுகொள்கிறார்கள். அதே கதைதான் இங்கும். ரேட்டை 8,000 மணியிலேயே வைத்து, நிலையான செலவு கூடியதை மட்டும் சேர்த்தால் மணிக்கு 310 தான் வருகிறது. சந்தைக்குச் சொல்ல வேண்டிய விலை அதிலிருந்து வருவதே.

இரண்டாவது தவறு பார்வைக்குச் சாமர்த்தியம் மாதிரி இருக்கும். ஆர்டர் இல்லாத 1,500 மணியிலும் மெஷினை ஓட்டி, 7,500 ஷாஃப்டைக் கடைந்து ஸ்டோரில் அடுக்கினால்? 8,000 மணி ஓடிவிட்டது. ஓடாத மணி என்று எதுவும் இல்லை, 3,60,000 ரூபாய் நஷ்டமும் கணக்கில் இல்லை. அது சரக்கிருப்பின் மதிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடாமலே லாபம் 65,000-லிருந்து 4,36,000-க்கு மேல் ஏறிவிடும். இதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. 8,000 மணி இயல்பான திறன்தான். ஆனால் ராடு வாங்கவே 16,50,000 ரூபாய் முடங்கியிருக்கும். அந்த ஷாஃப்ட் மாடல் மாறிவிட்டால் மொத்தமும் ஸ்கிராப் விலைக்குப் போகும். லாபம் ஏறி, விற்பனை அப்படியே நின்று, சரக்கிருப்பு மட்டும் வீங்கியிருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி அதிகாரிகள் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை உற்றுப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மெஷின் சும்மா நிற்கையில் ஒருவர் வந்து ஷாஃப்டுக்கு 280 ரூபாய்தான் தருவேன் என்கிறார். அடக்கம் 302 என்று திருப்பி அனுப்புவதா? அந்த ஷாஃப்டுக்காகப் புதிதாக ஆகப்போகிற செலவைப் பாருங்கள்: ராடு 220, கூலி 20, ஓட்டச் செலவு 12. மொத்தம் 252. மீதி 28 ரூபாய், எப்படியும் கட்டவேண்டிய வாடகைக்கும் தேய்மானத்துக்கும் உதவும். 500 ஷாஃப்டுக்கு 14,000. எடுக்கலாம், ஆனால் எல்லை உண்டு. முழு விலை தருகிறவரின் மணியை இது தின்னக் கூடாது. 280-க்குக் கொடுத்த செய்தி 345 தருகிறவர் காதுக்குப் போகாமலும் இருக்காது. வருடம் முழுக்க இந்த விலையிலேயே ஓட்டினால் மணிக்கு 140 ரூபாய்தான் மிஞ்சும். நிலையான செலவோ 240-க்கு மேல் இருக்கிறது.

மாதாமாதம் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிலையான செலவு மாதம் 1,60,000 என்று சீராக வரும், ஓட்டம் அப்படி வராது. ஆயுத பூஜையும் தீபாவளியும் வரும் மாதத்தில் மேற்செலவு ஏறாமல் நிற்கும்; ஆர்டர் குவியும் மாதத்தில் அளவுக்கு மேல் ஏறும். ஒரு மாதத்தை வைத்து ரேட்டை மாற்றக் கூடாது. ஏப்ரலிலிருந்து சேர்த்துக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகை ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்று பார்ப்பதே முறை. அதேபோல மூன்று நான்கு வருடம் தொடர்ந்து 6,500 மணிதான் ஓடுகிறது என்றால் 8,000 என்பது இனி இயல்பான திறன் அல்ல. அப்போது ரேட்டைத் திருத்துவதற்கு முன்னால், நான்காவது மெஷின் தேவையா என்று கேட்க வேண்டும்.

பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனை மணி ஓடியது, ஓடாத மணி ஆர்டர் இல்லாததாலா, ரிப்பேராலா, மெட்டீரியல் வராததாலா என்று ஆபரேட்டரே அன்றன்று எழுதட்டும். ஓடாத 1,500 மணியில் 900 ஆர்டர் இல்லாமல் போனது என்றால் நீங்கள் வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டும். 900 மணி ராடு வராமல் போனது என்றால் சப்ளையரை மாற்ற வேண்டும். லாப நட்டக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே 2,16,000 ரூபாய்தான் தெரியும். இந்த நோட்டு இல்லாமல், எவ்வளவு கெட்டிக்காரக் கணக்கராலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.